கிரிக்கெட் பயிற்சிப் பட்டியலில் பந்துக்குத் தனிக் கட்டம்

கேள்வி: பள்ளி அணிக்கான கிரிக்கெட் பயிற்சிகளை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் சேர்த்து வருகிறோம். இருநூறுக்கு மேல் ஆகிவிட்டது. திறன், வயது, உபகரணம் என்று மூன்று நெடுவரிசை இருக்கிறது. இருந்தும் தேடினால் வேண்டியது கிடைப்பதில்லை, கிடைப்பது பிள்ளைகளுக்குப் பொருந்துவதில்லை. இந்த மூன்றையும் எப்படிக் குறித்து வைப்பது?

பதில்:

மூன்று நெடுவரிசையும் இருக்கட்டும். ஆனால் உபகரணம் என்ற கட்டத்துக்குள் மட்டை, கோன், ஸ்டம்ப் ஆகியவற்றோடு பந்தையும் சேர்த்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான பட்டியல்கள் அங்கேதான் கெட்டுப்போகின்றன. பந்து வெறும் உபகரணம் அல்ல. எந்த வயதுக்கு அந்தப் பயிற்சி பொருந்தும், எவ்வளவு தூரத்திலிருந்து பந்தைத் தர வேண்டும், ஹெல்மெட் வேண்டுமா, பந்து தருபவர் எங்கே நிற்க வேண்டும் என்று மற்ற எல்லாக் கட்டங்களையும் அதுதான் தீர்மானிக்கிறது. அதனால் பந்தின் வகையை வெளியே எடுத்து ஒரு தனி நெடுவரிசையாக வையுங்கள். கூடவே ஒரு விதி: பந்து மாறினால் அது வேறு பதிவு. ஒரே பயிற்சியை டென்னிஸ் பந்திலும் லெதர் பந்திலும் செய்யலாம் என்றால் இரண்டு வரிசையாக எழுதுங்கள். ஒரே வரிசையில் "டென்னிஸ் / லெதர்" என்று போட்டால், வயதுக் கட்டத்தில் என்ன எழுதினாலும் இரண்டில் ஒன்றுக்குத் தப்பாகிவிடும்.

எடையைப் பார்த்தாலே காரணம் புரியும். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள் இருக்கும். கிரிக்கெட் விதிகளின்படி 13 வயதுக்குட்பட்டோருக்கான லெதர் பந்து 133 முதல் 144 கிராம், பெண்கள் கிரிக்கெட்டுக்கானது 140 முதல் 151 கிராம், ஆண்கள் கிரிக்கெட்டுக்கான முழுப் பந்து 156 முதல் 163 கிராம். "பந்து: 6" என்று எழுதிய பதிவைப் பார்த்து ஒருவர் எந்தப் பையை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவார்?

பந்துப் பெயர்களில் பேச்சுவழக்கு நிறையக் குழப்பும். "கார்க் பால்" என்று சொல்பவர்களில் சிலர் தையல் போட்ட லெதர் பந்தைச் சொல்கிறார்கள், சிலர் தோல் இல்லாத, கார்க்கும் ரப்பரும் கலந்த கெட்டிப் பந்தைச் சொல்கிறார்கள். "ஸ்டிச் பால்" என்றால் லெதர் பந்து. "டென்னிஸ் பால்" என்பதிலும் சாதாரணமானது, கிரிக்கெட்டுக்கென்றே கனமாகச் செய்தது என்று இரண்டு உண்டு. பட்டியலில் நான்கைந்து மதிப்புகள் போதும்: ஸ்பாஞ்ச், டென்னிஸ், கனமான டென்னிஸ், சிறிய லெதர், முழு லெதர். பெண்கள் பந்தில் தனியாகப் பயிற்சி நடக்கிறது என்றால் அதற்கும் ஒன்று. கார்க் பந்தை வைத்திருக்கிறீர்கள் என்றால் அதையும் தனியாகப் போடுங்கள், ஆனால் தலை, கை, கால் பாதுகாப்புக்கு அதை லெதர் பந்துக்குச் சமமாகவே நடத்துங்கள். பேச்சில் வழங்கும் மற்ற பெயர்களையெல்லாம் "வேறு பெயர்கள்" என்று தனித் தாளில் எழுதி வைத்தால் தேடுபவருக்கு உதவும். பதிவுக்குள் அவை வேண்டாம்.

பந்து முடிவானதும் வயது எளிதாகும். அதற்கு முன் இரண்டு பொறிகளைச் சொல்லிவிடுகிறேன்.

"10-12" என்று ஒரே கட்டத்தில் எழுதினால் பல ஸ்ப்ரெட்ஷீட்கள் அதைத் தேதியாக மாற்றிவிடும். அக்டோபர் 12 என்றோ டிசம்பர் 10 என்றோ உட்கார்ந்திருக்கும், வடிகட்டும்போது அந்த வரிசை காணாமல் போகும். இது ஒரு பொறி. இன்னொன்று, "13 வயதுக்குட்பட்டோர்" என்ற போட்டிப் பிரிவின் பெயரையே வயதாக எழுதுவது. அந்தப் பெயர் ஒரு வெட்டுத் தேதியைச் சார்ந்தது. எடுத்துக்காட்டாக இங்கிலாந்தில், சீசனுக்கு முந்தைய ஆகஸ்ட் 31 நள்ளிரவில் 13 நிரம்பாதவர்கள் அந்தப் பிரிவில் வருவார்கள். அப்படியானால் சீசன் முடியும்போது அந்தப் பிள்ளைக்கு 13 முடிந்து 14 நெருங்கியிருக்கலாம். மேலும் "13க்குட்பட்டோர்" என்பது மேல் எல்லையை மட்டும்தான் சொல்கிறது. அப்படிக் குறித்த பயிற்சியை எட்டு வயதுப் பிள்ளைக்குத் தரலாமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே கீழ் வயது, மேல் வயது என்று இரண்டு எண் கட்டங்கள் வையுங்கள். நிரம்பிய வயதை மட்டும் எழுதுங்கள். போட்டிப் பிரிவு தேவைப்பட்டால் அணிப் பட்டியலில் இருக்கட்டும், பயிற்சிப் பட்டியலில் வேண்டாம்.

இனி நான் முக்கியமாக நினைப்பது: வயது எல்லைக்குப் பக்கத்தில் "காரணம்" என்று ஒரு சிறிய கட்டம். அதில் மூன்றில் ஒன்று மட்டும் வரலாம்: பாதுகாப்பு, உடல் சுமை, திறன் நிலை. இது இல்லாவிட்டால் எண்ணைப் பார்ப்பவருக்கு அதை மீறலாமா கூடாதா என்று தெரியாது. "மேல் வயது 12" என்பது பயிற்சி சலிப்பாகிவிடும் என்பதால் வந்தது என்றால், புதிதாகச் சேர்ந்த 14 வயதுப் பிள்ளைக்கு அதைத் தாராளமாகத் தரலாம். "கீழ் வயது 13" என்பது பாதுகாப்புக்காக என்றால், பதினொரு வயதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தரக் கூடாது.

பாதுகாப்புக் காரணத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, மட்டைக்கு அருகில் நின்று கேட்ச் பிடிக்கும் பயிற்சி. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் விதியில் 15 வயதுக்குட்பட்டோர் நடு ஸ்டம்பிலிருந்து 8 கஜத்துக்குள்ளும், 13 வயதுக்குட்பட்டோர் 11 கஜத்துக்குள்ளும் நிற்கக் கூடாது, ஆஃப் பக்கத்தில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவர்கள் மட்டும் விலக்கு. போட்டிக்கு வைத்த விதி என்றாலும், லெதர் பந்தில் ஷார்ட் லெக் பயிற்சி ஒன்றைப் பட்டியலில் சேர்க்கும்போது கீழ் வயதை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு அதுவே பதில். அதே பயிற்சியை ஸ்பாஞ்ச் பந்தில் செய்தால் அந்த எல்லை பொருந்தாது. பந்து மாறினால் வேறு பதிவு என்று சொன்னது இதற்குத்தான்.

உடல் சுமை வேகப்பந்து வீச்சுக்கு உரியது. அதே வாரியம் 13 வயது வரை உள்ள வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், நாளொன்றுக்கு 10 ஓவர் என்று எல்லை வைத்திருக்கிறது. உங்கள் பட்டியலில் கோனைக் குறிவைத்து வீசும் பயிற்சி இருக்கிறது, ஒவ்வொருவரும் 6 பந்து, நான்கு சுற்று என்று வைத்துக்கொள்வோம். அதுவே 24 பந்து, அதாவது 4 ஓவர். அதே மாலையில் யார்க்கர் பயிற்சியும் நெட் பவுலிங்கும் சேர்ந்தால் பிள்ளை எத்தனை வீசினார் என்று யாருக்கும் தெரியாது. எனவே பவுலிங் பயிற்சிகளுக்கு மட்டும் "ஒருவருக்கு எத்தனை பந்து" என்று ஓர் எண் கட்டம் சேர்த்துவிடுங்கள். அன்றைய திட்டத்தில் உள்ள பயிற்சிகளின் எண்ணைக் கூட்டினால் போதும். வயதை மட்டும் குறித்து வைத்தால் இந்தக் கணக்கு வராது.

திறன் பெயருக்கு வருவோம். பயிற்சிக்கு வைத்த பட்டப்பெயரும் திறனும் ஒரே கட்டத்தில் கலந்துவிடுவதுதான் இங்கே வழக்கமான கோளாறு. "ரன் அவுட் ட்ரில்" என்று திறன் கட்டத்தில் எழுதினால், பந்தை ஓடிப்போய்க் குனிந்து எடுப்பதா, ஓடும்போதே எறிவதா, ஸ்டம்ப் அருகே வந்து வாங்கி அடிப்பதா, எது கற்பிக்கப்படுகிறது? தீர்மானிக்க ஒரு வழி இருக்கிறது. பயிற்சியாளர் எதைப் பார்த்துத் திருத்துகிறார், எதற்குப் புள்ளி தருகிறார் என்று கேளுங்கள். ஸ்டம்பில் பட்டால் புள்ளி என்றால் முதன்மைத் திறன் எறிதல். பந்து கையில் சுத்தமாக வந்தால்தான் புள்ளி என்றால் தரைப்பந்து எடுத்தல். முதன்மைத் திறன் ஒன்றுதான் இருக்க வேண்டும். துணைத் திறன் வேண்டுமானால் ஒன்றோ இரண்டோ, வேறு கட்டத்தில்.

இரண்டு அடுக்கு போதும். மேலே பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங், விக்கெட் கீப்பிங். கீழே ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுப் பெயர்: பேட்டிங் என்றால் ஃப்ரன்ட் ஃபுட் தடுப்பு, ஃப்ரன்ட் ஃபுட் ட்ரைவ், பேக் ஃபுட் தடுப்பு, புல், கட், ஸ்வீப், ரன் ஓடுதல் போன்றவை. கவர் ட்ரைவ், ஆஃப் ட்ரைவ், ஸ்ட்ரைட் ட்ரைவ், ஆன் ட்ரைவ் என்று பிரித்துவிட ஆசையாக இருக்கும். இருநூறு பயிற்சிக்கு அது அதிகம். கால், தலை, மட்டை அசையும் விதம் பெரும்பாலும் ஒன்றே, திசைதான் மாறுகிறது. திசையைக் குறிப்பில் எழுதலாம். எழுதும்போது ஆஃப் பக்கம், லெக் பக்கம் என்று எழுதுங்கள். வலது, இடது என்று எழுதினால் இடக்கை ஆட்டக்காரருக்கு எல்லாம் தலைகீழாகிவிடும்.

கவனம், ஒருங்கிணைப்பு, குழு உணர்வு போன்ற சொற்களைத் திறன் பட்டியலில் நுழைய விடாதீர்கள். அவை எந்தப் பயிற்சிக்கும் பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல்லால் எதையும் வடிகட்ட முடியாது.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ட்ரைவ், டிரைவ், ஃபீல்டிங், பீல்டிங், கேட்ச், கேட்சு. ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டச்சு செய்தால் தேடல் பாதியைத்தான் காட்டும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்தும் உள்ளே வேறாக இருப்பதும் உண்டு: "கோன்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே எழுத்துக்குறியாகவும் பதிக்கலாம், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் பதிக்கலாம். சில மென்பொருள்கள் இரண்டையும் வெவ்வேறாக எண்ணும். ஆகவே திறன், பந்து, உபகரணம் ஆகிய கட்டங்களில் கையால் தட்டச்சு செய்வதையே நிறுத்திவிட்டு, பட்டியலிலிருந்து மட்டும் தேர்வு செய்யும்படி வையுங்கள். பின்னணியில் `BAT-FFDRIVE` போல ஒரு குறியீடு இருந்தால், நாளை தமிழ்ப் பெயரை மாற்றினாலும் பழைய பதிவுகள் உடையாது.

உபகரணப் பெயரில் தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு குழப்பம் இருக்கிறது. கையில் பிடிப்பதும் "பேட்", காலில் கட்டுவதும் "பேட்" என்றே எழுத்தில் வந்து நிற்கும். "பேட் 2" என்ற பதிவைப் பார்த்து இரண்டு மட்டையா, இரண்டு காலுக்கான காப்பா என்று சொல்ல முடியாது. மட்டை, கால்பேட் என்று பிரித்துவிடுங்கள். கால்பேடை ஜோடியாக எண்ணுங்கள். க்ளவ்ஸும் அப்படித்தான்: பேட்டிங் க்ளவ்ஸ், கீப்பிங் க்ளவ்ஸ் என்று முழுப் பெயர் வேண்டும். "நெட்" என்பதை உபகரணத்தில் சேர்க்காமல் இடம் என்ற கட்டத்தில் போடுவது நல்லது. ஆனால் பந்து தருபவரை மறைக்கும் சிறிய வலைத் தடுப்பு உபகரணம்தான்.

எண்ணிக்கையை மொத்தமாக எழுத வேண்டாம். ஒரு குழுவுக்கு எத்தனை பேர், அந்தக் குழுவுக்கு என்னென்ன என்று எழுதுங்கள். 24 பிள்ளைகள் வந்தால் ஆறு பேர் கொண்ட நான்கு குழு. ஒரு குழுவுக்கு 4 கோன் என்றால் 16 தேவை. இருப்பது 12 என்றால் மூன்று குழுதான் இதைச் செய்ய முடியும், நான்காவது குழுவுக்கு கோன் இல்லாத பயிற்சி ஒன்று வேண்டும். பதிவில் "கோன் 20" என்று மட்டும் இருந்தால் இந்தக் கணக்கைத் திடலில் நின்று யாரும் போட மாட்டார்கள்.

அப்புறம், எதற்குப் பதில் எதை வைக்கலாம் என்பது. ஸ்டம்ப் இல்லாவிட்டால் கோன் வைக்கலாம். பேட்டிங் டீ இல்லாவிட்டால் தட்டையான மேற்பகுதி உள்ள கோன் மேல் பந்தை வைக்கலாம். இதற்கு "மாற்று" என்று ஒரு கட்டம் போதும். ஹெல்மெட், க்ளவ்ஸ், கால்பேட், அடிவயிற்றைக் காக்கும் கார்டு ஆகியவற்றுக்கு மாற்று கிடையாது, அவற்றுக்கு "கட்டாயம்" என்று தனிக் கட்டம். பந்துக்கும் மாற்றுக் கட்டத்தில் இடம் தராதீர்கள். லெதர் பந்துக்குப் பதில் டென்னிஸ் பந்து என்பது பார்க்கப் பாதுகாப்பானதுதான், ஆனால் பயிற்சியே மாறிவிடுகிறது. டென்னிஸ் பந்து அதிகமாக எழும்புவதால் ஃப்ரன்ட் ஃபுட் தடுப்புக்கு வர வேண்டிய பந்து இடுப்புக்கு வரும். கேட்சில் அது கையிலிருந்து தெறிக்கும், ஆகவே கையைத் தளர்த்தி வாங்கப் பழக்க நல்லது, ஆனால் லெதர் பந்தின் வலிக்கும் கனத்துக்கும் கை பழகாது.

ஒரு பயிற்சியை முழுதாகப் பதிந்து பார்ப்போம். இரண்டு கோன்களை ஒரு கதவு போல வைத்து, அதன் வழியே பந்தை ட்ரைவ் செய்ய வேண்டும். ஒருவர் மட்டை பிடிக்கிறார், ஒருவர் எட்டு மீட்டர் தள்ளி நின்று கையைத் தாழ்த்தி, ஒரு முறை தரையில் பட்டு வரும்படி பந்து தருகிறார், நால்வர் கதவுக்குப் பின்னால் நின்று பந்தைத் தடுத்து எடுக்கிறார்கள். டென்னிஸ் பந்தில் இது இப்படி வரும்:

```
id: BAT-FFDRIVE-03-TENNIS
name: கதவு ட்ரைவ்
skill: BAT-FFDRIVE
skill_2: FLD-GROUND
ball: டென்னிஸ்
feed: கீழ்க்கை, ஒரு பவுன்ஸ்
feed_m: 8
age_min: 8
age_max: 12
age_reason: திறன் நிலை
group: 6
kit: மட்டை 1; பந்து 6; கோன் 4
must: -
```

நான்கு கோன் எதற்கு என்றால், இரண்டு கதவுக்கு, ஒன்று பந்து தருபவர் நிற்கும் இடத்துக்கு, ஒன்று மட்டை பிடிப்பவரின் இடத்துக்கு. மேல் வயது 12 என்பது திறன் நிலையால் வந்தது. ஆகவே புதிதாகத் தொடங்கும் பெரிய பிள்ளைக்கும் இது பொருந்தும்.

இதையே முழு லெதர் பந்தில் எழுதினால் எத்தனை கட்டம் மாறுகிறது என்று பாருங்கள். பெயர், முதன்மைத் திறன், பந்து தரும் விதம், தூரம், குழு ஆகியவை அப்படியே இருக்கும். கீழ் வயது 13, காரணம் பாதுகாப்பு. மேல் வயது தேவையில்லை, காலியாக விடலாம். `must` கட்டத்தில் ஹெல்மெட், கால்பேட், பேட்டிங் க்ளவ்ஸ், கார்டு வரும். நேராக அடிக்கும் பந்தின் பாதையில் பந்து தருபவர் எட்டு மீட்டரில் நிற்பதால் அவருக்கு வலைத் தடுப்பு கட்டாயம். அது உங்களிடம் இல்லை என்றால் இந்தப் பதிவு பட்டியலில் வரவே கூடாது. கதவுக்குப் பின்னால் நிற்கும் நால்வரும் இன்னும் பின்னால் போக வேண்டும், ஆகவே இடமும் மாறும். துணைத் திறனாக எழுதிய தரைப்பந்து எடுத்தலை நான் இங்கே எடுத்துவிடுவேன், ஏனென்றால் அவ்வளவு தள்ளி நிற்பவர்களுக்குப் பந்து அரிதாகவே வரும். இரண்டு பதிவுகளையும் இணைக்க `id`யின் முன்பகுதி, அதாவது `BAT-FFDRIVE-03`, பொதுவாக இருந்தால் போதும்.

பந்து தரும் விதத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கீழ்க்கை, த்ரோ டவுன், கையெறி கருவி, இயந்திரம், உண்மையான பவுலர் என்று ஐந்து மதிப்பு போதும். வேகம் இதில்தான் ஒளிந்திருக்கிறது. அதே எட்டு மீட்டரிலிருந்து த்ரோ டவுன் என்றால் எட்டு வயதுப் பிள்ளையால் பந்தைப் பார்க்கவே முடியாது.

பட்டியல் சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது இருபது பயிற்சிகளை எடுத்து, இரண்டு பயிற்சியாளர்களிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து, தனித்தனியே கட்டங்களை நிரப்பச் சொல்லுங்கள். பந்திலும் உபகரணத்திலும் இருவரும் ஒத்துப்போக வேண்டும், போகவில்லை என்றால் விளக்கமே அரைகுறை. திறனில் வேறுபாடு வரும். எந்த இரண்டு பெயர்களுக்கு நடுவே திரும்பத் திரும்பக் குழம்புகிறார்கள் என்று பாருங்கள். "தரைப்பந்து எடுத்தல்", "எறிதல்" இரண்டுக்கும் நடுவே என்றால் அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் எதற்குப் புள்ளி என்ற ஒரு வரியை எழுதினால் தீரும். வேகத்துக்கும் சுழலுக்கும் பொதுவான "பவுலிங் கோடும் லென்த்தும்" போன்ற ஒரு பெயரிலேயே பாதிப் பதிவுகள் போய்ச் சேர்ந்தால், அந்தப் பெயரைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இருநூறையும் ஒரேயடியாகத் திருத்த உட்காராதீர்கள். முதலில் பந்துக் கட்டத்தை மட்டும் எல்லாவற்றுக்கும் நிரப்புங்கள். இரண்டு பந்து எழுதியிருக்கும் வரிசைகளை அப்போதே பிரித்துவிடலாம். அடுத்து லெதர் பந்துப் பதிவுகளை மட்டும் எடுத்துக் கீழ் வயது, காரணம், கட்டாய உபகரணம் மூன்றையும் முடியுங்கள், தவறினால் அடிபடுவது அங்கேதான். அதன்பின் பவுலிங் பயிற்சிகளுக்குப் பந்து எண்ணிக்கை. டென்னிஸ் பந்துப் பதிவுகளின் வயதும் திறன் பெயர்களும் கடைசியில் வரட்டும். அந்தந்தப் பயிற்சியைத் திடலில் செய்யும் நாளில் ஒவ்வொன்றாக நிரப்பினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.